பணவீக்கம் 70 சதவீதமாக இருந்தபோது 24 சதவீத வட்டி நட்டமா?

கேள்வி: ஐயா, நான் பருத்தித்துறையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பணிக்கொடையில் 10 இலட்சம் ரூபாயை 2021 செப்டெம்பரில் ஒரு வருட நிலையான வைப்பில் 5.5 சதவீதத்துக்குப் போட்டேன். முதிர்ந்தபோது 2022 செப்டெம்பரில் 24 சதவீதத்துக்கும், பிறகு 12 சதவீதத்துக்கும், அதன்பின் 8 சதவீதத்துக்கும் வட்டியை எடுக்காமலே புதுப்பித்து வந்தேன். 24 சதவீதம் வாங்கிய வருடத்தில், பணவீக்கம் 70 என்பதால் எனக்கு 46 சதவீதம் நட்டம் என்று தம்பி சொன்னான். இன்னொருவர் அதுவே நான் செய்த மிக நல்ல வைப்பு என்கிறார். யார் சொல்வது சரி? இப்போது வங்கி 7.75 சதவீதம்தான் தருகிறது. வட்டியை மாதந்தோறும் எடுத்துச் செலவழிக்கலாமா? ஐந்து வருடத்துக்கு 9.5 சதவீதம் தருவதாகவும் சொல்கிறார்கள், அதில் போடலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

இரண்டாமவர் சொல்வதே சரி. உங்கள் தம்பி சொல்வது தவறான கணக்கு. ஆனால் அந்தத் தவறு அவருடையது மட்டுமல்ல. 2022இல் பத்திரிகைகளிலும் வங்கிக் கவுண்டர்களிலும் ஏறத்தாழ எல்லோரும் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்கள். அதில் இரண்டு பிழைகள் உள்ளன. ஒன்று சிறியது, கணக்குப் போடும் முறையைப் பற்றியது. மற்றது பெரியது, எந்த வருடத்துப் பணவீக்கத்தை எடுப்பது என்பதைப் பற்றியது.

வங்கி உங்கள் சான்றிதழில் அச்சடித்துத் தரும் 24 சதவீதம் பெயரளவு வட்டி வீதம். ரூபாய் எவ்வளவு கூடும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த ரூபாயைக் கொண்டு வாங்கக்கூடிய அரிசியும் மருந்தும் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்பதைச் சொல்வது மெய் வட்டி வீதம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும் என்பது பணவீக்கம் நான்கைந்து சதவீதமாக இருக்கும் காலத்துக்குப் பொருந்தும் குறுக்குவழி. பணவீக்கம் பெரிய எண்ணாகும்போது வகுத்தே பார்க்க வேண்டும்:

(1 + மெய் வீதம்) = (1 + பெயரளவு வீதம்) ÷ (1 + பணவீக்கம்)

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரின் பணவீக்கம் 69.8 சதவீதம். அதையே வைத்துக்கொண்டாலும் 1.24ஐ 1.698ஆல் வகுக்கும்போது 0.73 வருகிறது. அதாவது நட்டம் 27 சதவீதம், 46 அல்ல. கழித்துப் பார்த்ததால் உங்கள் தம்பியின் கணக்கில் நட்டம் இவ்வளவு பெருத்துவிட்டது. இது சிறிய பிழை.

பெரிய பிழை இந்த 69.8 என்ற எண்ணையே எடுத்துக்கொண்டதில் இருக்கிறது. இந்த எண் 2021 செப்டெம்பரிலிருந்து 2022 செப்டெம்பர் வரை விலைகள் எவ்வளவு ஏறின என்பதைச் சொல்கிறது. உங்கள் 24 சதவீத வைப்போ 2022 செப்டெம்பரில் தொடங்கி 2023 செப்டெம்பரில் முடிந்த ஒப்பந்தம். பணம் வைப்பில் இருந்த காலத்து விலையேற்றம்தான் அதன் வட்டியோடு ஒப்பிடத் தக்கது. அந்த எண்ணைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023 செப்டெம்பர் முடிவில்தான் வெளியிட்டது: 1.3 சதவீதம். 1.24ஐ 1.013ஆல் வகுத்தால் 1.224 வருகிறது. ஆகவே அந்த வருடத்தில் உங்கள் பணத்தின் வாங்கும் சக்தி 22 சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. வங்கி வைப்பில் இப்படியொரு மெய் வட்டி கிடைப்பது மிக மிக அரிது.

உண்மையான நட்டம் அதற்கு முந்தைய வைப்பில் நடந்தது. அதை உங்கள் கடிதம் ஒரு வரியில் கடந்துவிடுகிறது. 2021 செப்டெம்பரில் பணவீக்கம் 5.7 சதவீதம், உங்களுக்குக் கிடைத்த வட்டி 5.5. தம்பியின் முறையில் அன்று கணக்குப் பார்த்திருந்தால் “நட்டமும் இல்லை, இலாபமும் இல்லை” என்றுதான் விடை வந்திருக்கும். நடந்தது என்ன? அந்த வைப்பின் காலத்தில்தான் விலைகள் 69.8 சதவீதம் ஏறின. 1.055ஐ 1.698ஆல் வகுத்தால் 0.62. நீங்கள் கொடுத்த 10 இலட்சம் ஒரு வருடத்தில் 10 இலட்சத்து 55 ஆயிரமாகத் திரும்பி வந்தது. ஆனால் 2021இன் விலையில் அதன் பெறுமதி 6 இலட்சத்து 21 ஆயிரம் மட்டுமே. சத்தமில்லாமல் 38 சதவீதம் போன அந்த வருடத்தைப் பற்றி ஒருவரும் உங்களிடம் பேசவில்லை. 22 சதவீதம் கூடிய வருடத்தைத்தான் நட்டம் என்றார்கள். கடந்த வருடத்துப் பணவீக்கத்தை வரும் வருடத்து வட்டியோடு ஒப்பிட்டால் இப்படித்தான் ஆகும். விலைகள் வேகமாகத் திரும்பும் காலத்தில் விடை சற்றுப் பிசகுவதோடு நிற்காது, தலைகீழாகிவிடும்.

இங்கேதான் எதிர்பார்க்கும் பணவீக்கம் என்ற கருத்து தேவைப்படுகிறது. வைப்பில் பணம் போடும் நாளில் வரும் வருடத்துப் பணவீக்கம் யாருக்கும் தெரியாது. ஆனால் வட்டியை அன்றே பேசி முடித்தாக வேண்டும். ஆகவே கொடுப்பவரும் வாங்குபவரும் மனத்தில் ஓர் எண்ணை வைத்துக்கொண்டே பேரம் பேசுகிறார்கள். விலைகள் 20 சதவீதம் ஏறும் என்று நினைப்பவர் 10 சதவீத வட்டிக்குப் பணம் கொடுக்க மாட்டார். அதே எண்ணத்தோடு கடன் வாங்குபவரோ, தன் சரக்கின் விலையும் ஏறும் என்பதால், 25 சதவீதம் கொடுக்கத் தயங்க மாட்டார். இப்படி எதிர்பார்க்கும் விலையேற்றம் பெயரளவு வட்டிக்குள் வந்து சேர்கிறது என்பதைச் சூத்திரமாக வகுத்துத் தந்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர். மேலே எழுதிய அதே சமன்பாட்டில் பணவீக்கம் என்ற இடத்தில் எதிர்பார்க்கும் பணவீக்கத்தை வைத்தால், பணம் போடும் நாளில் நாம் நம்பிப் போகும் மெய் வட்டி கிடைக்கும். வருடம் முடிந்தபின் நடந்த பணவீக்கத்தை வைத்தால் கைக்கு வந்த மெய் வட்டி கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் எதிர்பார்ப்பில் நேர்ந்த பிசகு. மக்கள் தங்கள் எதிர்பார்ப்பைக் காலம் தாழ்த்தியே திருத்திக்கொள்கிறார்கள் என்பதையும் ஃபிஷர் கவனித்திருந்தார். 2021இல் போட்ட உங்கள் வைப்பே அதற்குச் சான்று.

2021இல் வட்டி அவ்வளவு குறைவாக இருந்ததற்கு எதிர்பார்ப்பு மட்டும் காரணமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அரசாங்கம் ஒரு வருடம் வரையிலான குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க விற்கும் பத்திரமே திறைசேரி உண்டியல். மத்திய வங்கி அதன் ஏலங்களில் உச்ச வட்டி வீதத்தை முன்கூட்டியே அறிவித்து, விற்பனையாகாமல் எஞ்சியவற்றைப் பணம் அச்சிட்டுத் தானே வாங்கிக்கொண்டிருந்தது. திறைசேரி உண்டியலின் வட்டியைப் பார்த்தே வங்கிகள் வைப்பு வட்டியை நிர்ணயிப்பதால், சேமிப்பாளர்கள் விரும்பினாலும் கூடுதல் கேட்டுப் பேரம் பேச இடமிருக்கவில்லை. பெயரளவு வட்டியைக் கையால் பிடித்துவைத்தால், எதிர்பார்க்கும் பணவீக்கம் ஏற ஏற மெய் வட்டி தானாக இறங்கும். அந்த இறக்கத்தைச் சுமந்தவர்கள் உங்களைப் போன்ற வைப்பாளர்கள். ஆதாயம் பெற்றவர்களில் முதலாவதாக நிற்பது ரூபாய்க் கடன் நிறையச் சுமந்திருந்த அரசாங்கம்.

சரி, 2022 செப்டெம்பரில் ஒருவர் நியாயமாக எதை எதிர்பார்த்திருக்க முடியும்? பிற்பாடு நடந்ததை அறிந்துகொண்டு பேசுவது எளிது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி “பணவீக்கம் இப்போது எவ்வளவு?” என்பதல்ல. “இன்றைய விலையிலிருந்து அடுத்த பன்னிரண்டு மாதங்களில் விலைகள் 24 சதவீதத்துக்கு மேல் ஏறுமா?” என்பதே. 69.8 சதவீதம் மறுபடியும் வர வேண்டுமென்றால் அதற்கான காரணங்களும் மறுபடி நடந்திருக்க வேண்டும். டொலர் 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயை ஒட்டி இருந்தது, சில வாரங்களில் 360ஐ எட்டியது. மீண்டும் அதே அளவுக்கு ஏற வேண்டுமென்றால் 650ஐத் தொட வேண்டும். 92 ஒக்டேன் பெற்றோல் 2021 செப்டெம்பரில் லீற்றர் 157 ரூபாய், 2022 செப்டெம்பரில் 450 ரூபாய். அதே வேகம் தொடர்ந்தால் ஒரு லீற்றர் 1,290 ரூபாய் ஆக வேண்டும். ரூபாயோ மே மாதத்திலிருந்து 360இலேயே நின்றுகொண்டிருந்தது. பெற்றோல் ஜூலையில் 470இலிருந்து 450க்கு இறங்கி, ஒக்டோபர் தொடக்கத்தில் 410 ஆனது. மத்திய வங்கி ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்தது. செப்டெம்பர் முதலாம் திகதி சர்வதேச நாணய நிதியத்துடன் அலுவலர் மட்ட உடன்பாடும் எட்டப்பட்டிருந்தது. வருடாந்தப் பணவீக்கம் உச்சத்தில் நின்ற அந்த மாதத்தில், மாதத்துக்கு மாதம் ஏற்படும் விலையேற்றத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது.

சந்தையும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்த மாதம் திறைசேரி உண்டியல் ஏலங்களில் மூன்று மாத உண்டியலின் வட்டி ஒரு வருட உண்டியலின் வட்டியை விட உயர்ந்திருந்தது. வழமையில் பணத்தை நீண்ட காலம் கொடுப்பவருக்கே கூடுதல் வட்டி கிடைக்கும். அது தலைகீழாகும்போது, இன்றைய உயர்ந்த பணவீக்கம் நீடிக்காது என்று பணம் போடுபவர்கள் கருதுகிறார்கள் என்று பொருள் கொள்ளலாம். 70 சதவீதம் நிலைக்கும் என்று அவர்கள் உண்மையில் நம்பியிருந்தால், 30 சதவீதத்தை ஒட்டிய வட்டிக்கு ஒரு வருட உண்டியலை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த 30 சதவீதத்தைப் பார்த்து, “அப்படியானால் சந்தை 25 சதவீதப் பணவீக்கத்தை எதிர்பார்த்தது” என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பெயரளவு வட்டிக்குள் எதிர்பார்க்கும் பணவீக்கமும் மெய் வட்டியும் மட்டும் இருப்பதில்லை, அபாயத்துக்கான கூலியும் சேர்ந்தே இருக்கிறது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் 2022 ஏப்ரலில் நிறுத்தியிருந்தது. உள்நாட்டுக் கடனிலும் கைவைப்பார்களா, திறைசேரி உண்டியலையும் மறுசீரமைப்பார்களா என்ற அச்சம் எங்கும் இருந்தது. 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் வெளிவந்து, பொதுமக்களின் வங்கி வைப்புகளும் அவர்கள் கையிலுள்ள திறைசேரி உண்டியல்களும் அதில் இல்லை என்பது தெளிவானதும் உண்டியல் வட்டி சரசரவென இறங்கியது. அந்த இறக்கத்தில் ஒரு பகுதி பணவீக்க எதிர்பார்ப்புக் குறைந்ததால் வந்தது, மற்றொரு பகுதி அச்சம் நீங்கியதால் வந்தது. பணவீக்கத்தோடு இணைத்த கடன்பத்திரங்கள் புழங்கும் நாடுகளில் இந்த இரண்டையும் ஓரளவுக்குப் பிரித்துப் பார்க்கலாம். நம் நாட்டில் அவை இல்லாததால் ஊகிக்க மட்டுமே முடியும். உங்கள் 22 சதவீத மெய் வட்டியிலும் அந்த அபாயத்தைச் சுமந்ததற்கான கூலி ஒரு பங்கு என்பதை நினைவில் வையுங்கள். அதனால்தான் அது இனித் திரும்பி வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை.

இனி உங்கள் நான்கு வைப்புகளையும் ஒரே தொடராகப் பார்ப்போம். வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். மூன்றாவது வைப்பு முடிந்த 2024 செப்டெம்பரில் பணவீக்கம் -0.5 சதவீதம், அதாவது விலைகள் சற்று இறங்கியிருந்தன. 12 சதவீதப் பெயரளவு வட்டி அதனால் 12.6 சதவீத மெய் வட்டியாயிற்று. நான்காவது முடிந்த 2025 செப்டெம்பரில் பணவீக்கம் 1.5. ஆகவே 8 சதவீதத்தில் மெய் வட்டி 6.4. ரூபாய்க் கணக்கில் 10 இலட்சம் நான்கு வருடத்தில் 15 இலட்சத்து 82 ஆயிரமாக வளர்ந்திருக்கிறது. 2021இன் விலையில் அதே பணம் நடந்த பாதை வேறு: முதல் வருடம் 6 இலட்சத்து 21 ஆயிரத்துக்கு விழுந்தது, இரண்டாம் வருடம் 7 இலட்சத்து 60 ஆயிரம், மூன்றாம் வருடம் 8 இலட்சத்து 56 ஆயிரம், நான்காம் வருடம் 9 இலட்சத்து 11 ஆயிரம். மூன்று நல்ல வருடங்களுக்குப் பிறகும் நீங்கள் தொடங்கிய இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. பணவீக்கம் 1.3க்கு வந்துவிட்டது என்று செய்தியில் சொல்லும்போது சந்தையில் விலை குறையவே இல்லையே என்று பலர் கோபப்படுகிறார்கள், அதற்கும் விளக்கம் இதில் இருக்கிறது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றே பொருள், ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது.

நான் எடுத்த எண்கள் கொழும்புச் சுட்டெண்ணுக்கு உரியவை. தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அதே மாதங்களின் பணவீக்கம் 2022இல் 73.7, 2023இல் 0.8. ஆகவே எதை எடுத்தாலும் முடிவு மாறாது. ஆனால் உங்கள் வீட்டுச் செலவில் மருந்தும் பஸ் கட்டணமும் பெரும்பங்காக இருந்தால், உங்களுக்கென்று ஒரு பணவீக்கம் தனியாக இருக்கும். கடைப் பற்றுச்சீட்டுகளை வைத்து வருடத்துக்கு ஒருமுறை நீங்களே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது வங்கி தரும் 7.75 சதவீதத்துக்கு வருவோம். 24ஐப் பார்த்த கண்ணுக்கு இது சிறியதாகத்தான் தெரியும். இங்கேயும் கேட்க வேண்டியது வரும் பன்னிரண்டு மாதங்களின் பணவீக்கத்தை. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்துக்குப் பிறகு பணவீக்கத்தை 5 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பதே மத்திய வங்கியின் இலக்கு. ஆகவே நான் 1.5ஐ எடுக்காமல் 5ஐ எடுத்துக் கணக்கிடச் சொல்வேன். கவனமாக இருக்க வேண்டியவர் இலக்கையே எதிர்பார்ப்பாகக் கொள்வது பாதுகாப்பானது. 1.0775ஐ 1.05ஆல் வகுத்தால் மெய் வட்டி 2.6 சதவீதம். பணவீக்கம் அதற்குக் கீழேயே நின்றால் கூடுதல் ஆதாயம் உங்களுக்கு.

மாதந்தோறும் வட்டியை எடுப்பதுபற்றிக் கேட்டிருந்தீர்கள். 15 இலட்சத்து 82 ஆயிரத்துக்கு 7.75 சதவீதம் வருடத்துக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 22 ஆயிரத்து 600 ரூபாய், மாதத்துக்கு 10,200 ரூபாய். அது முழுவதும் வருமானம் அல்ல. விலைகள் 5 சதவீதம் ஏறினால், முதலின் வாங்கும் சக்தி குறையாமலிருக்க அதில் 79,100 ரூபாயை மீண்டும் முதலோடு சேர்க்க வேண்டும். எஞ்சும் 43,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 3,600 ரூபாய் அளவுதான் உண்மையில் நீங்கள் செலவழிக்கக்கூடிய வட்டி. அதற்கு மேல் எடுப்பதெல்லாம் முதலைத் தின்பது. எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஓய்வுக்காலத்தில் முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது தவறான முடிவும் அல்ல. ஆனால் முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்கிறேன் என்ற எண்ணத்தில் அதைச் செய்ய வேண்டாம்.

வரி இதை இன்னும் இறுக்குகிறது, ஏனெனில் வரி பெயரளவு வட்டி முழுவதன் மீதும் விதிக்கப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 சதவீதத்தை வங்கி பிடித்துவைக்கிறது. 12,260 ரூபாய் போனால், செலவழிக்கக்கூடிய 43,500 ரூபாய் 31,200 ஆகக் குறைகிறது. வட்டியில் பத்தில் ஒரு பங்காகத் தெரியும் வரி, மெய் வட்டியில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகிவிடுகிறது. உங்கள் மொத்த வருமானம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் என்ற வரிவிலக்கு எல்லைக்குள் இருந்தால், அதற்கான சுயபிரகடனத்தை வங்கியில் கொடுத்து இந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். ஓய்வூதியத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் நீங்கள் அந்த எல்லைக்குள் இருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். வங்கிக்குப் போகும்போது முதல் வேலையாக அதைக் கேளுங்கள்.

ஐந்து வருட 9.5 சதவீதத்தை அதே 5 சதவீத எதிர்பார்ப்பில் பார்த்தால் மெய் வட்டி 4.3 வருகிறது. 2.6ஐ விட அது நல்லதுதான். ஆனால் ஒரு வருடத்துக்குப் பணவீக்கத்தை ஊகிப்பதும் ஐந்து வருடத்துக்கு ஊகிப்பதும் ஒன்றல்ல. ஒரு வருட வைப்பில் எதிர்பார்ப்புப் பிசகினால் அடுத்த செப்டெம்பரில் புதிய வட்டிக்கு மாறிக்கொள்ளலாம். 2021இன் வைப்பு ஐந்து வருட வைப்பாக இருந்திருந்தால், 24உம் 12உம் உங்களுக்குக் கிடைத்திருக்காது, 2026 வரை பழைய வட்டியோடு மாட்டியிருந்திருப்பீர்கள். இரண்டு வைப்புகளின் வட்டிக்கும் இடையிலுள்ள 1.75 சதவீதப் புள்ளிகளில் ஒரு பகுதி இந்த மாட்டிக்கொள்ளும் அபாயத்துக்கு வங்கி தரும் கூலி. கைச்செலவுக்குத் தேவைப்படாத பணத்தில் மூன்றிலொரு பங்கை, ஏறத்தாழ 5 இலட்சத்தை, ஐந்து வருடத்தில் போட்டு மீதியை வருடா வருடம் புதுப்பிப்பதே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. கையெழுத்திடுமுன், இடையில் முறித்தால் எந்த வீதத்தில் வட்டியைத் திருத்திக் கணக்கிடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முறிக்கும்போது வெட்டப்படும் வட்டி ஒன்றிரண்டு சதவீதத்தோடு நிற்குமானால், பணவீக்கம் மீண்டும் ஏறத் தொடங்கினாலும் வெளியே வர உங்களுக்கு வழி இருக்கும். வட்டி முழுவதையும் இழக்க நேரிடும் என்றால் அந்த 5 இலட்சத்தைப் பாதியாக்கிவிடுங்கள்.